சுவர் உழைக்கிறது

மட்டக்களப்பு நகரத்திலிருந்து கல்முனை வீதியில் தெற்கே ஏறத்தாழ 20 கிலோமீற்றர் போனால் செட்டிபாளையம். கிழக்கே கடல், மேற்கே வாவி, நடுவில் ஒரு மணல் பட்டி. வாவிக்கு அப்பால் வயலும் குளமுமாகக் கிடப்பது படுவான்கரை. சூரியன் எழும் பக்கமான இந்தக் கரைக்கு எழுவான்கரை என்று பெயர்.

இந்தக் கரையில் பெண்பிள்ளை பிறந்த நாளிலிருந்தே வீட்டில் ஒரு கணக்கு ஓடத் தொடங்கும்: இவளுக்கு எப்போது வீடு கட்டுவது? கலியாணத்தோடு மகளுக்கு வீடு எழுதிக் கொடுப்பது இங்கே தாய்வழி வந்த வழக்கம். மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியேறுவார். தாயும் தகப்பனும் அடுத்த மகளுக்குக் கட்டிய வீட்டுக்கோ, அதே வளவில் ஒரு சின்ன வீட்டுக்கோ நகர்ந்துகொள்வார்கள். தகப்பன் வயலை ஈடு வைப்பார், அண்ணன் கத்தாருக்குப் போவான், தாய் சீட்டுப் பிடிப்பாள். கற்கள் ஒவ்வொன்றாக ஏறிச் சுவராகும்.

அப்படிக் கட்டிய வீடு, கட்டியவர்களுக்குத் தெரியாமல் இன்னொரு வேலையும் செய்துகொண்டிருக்கிறது. நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்திக்கு அது தினமும் ஒரு தொகையைச் சேர்க்கிறது. யாரும் வாடகை கொடுக்கவில்லை, யாரும் வாங்கவில்லை. ஆனாலும் தேசிய கணக்குகளின் விதிப்படி, சொந்த வீட்டில் குடியிருக்கும் பெண் தனக்குத் தானே வீட்டை வாடகைக்கு விட்டு, தானே அந்த வாடகையைச் செலுத்துகிறாள். இலங்கையின் தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம் வெளியிடும் உற்பத்தி அட்டவணையைப் பார்த்தால், நிலபுலச் சேவைகள் என்ற வரியோடு 'வீட்டு உடைமை' என்பதும் ஒட்டிக்கொண்டிருக்கும். செட்டிபாளையத்துச் சீதன வீடும் அந்த வரிக்குள்தான் இருக்கிறது. இந்தக் கற்பித வாடகை பொருளாதார நூல்களில் ஏதோ மூலையில் கிடக்கும் சங்கதி அல்ல. கிட்டத்தட்ட எல்லா நாடுகளின் உற்பத்திக் கணக்கிலும் அது பெரிய தொகை.

அதே வீட்டுக்குள் விடிய நாலரைக்கு எழும்பி, அடுப்பு மூட்டி, பிட்டு அவித்து, பிள்ளைகளைக் குளிக்க வார்த்து, படுக்கையில் கிடக்கும் தன் தாயைத் துடைத்துவிடும் பெண்ணின் வேலை அந்த அட்டவணையில் எங்கும் இல்லை. வீட்டின் சொந்தக்காரி என்பதால் அவள் உற்பத்தி செய்பவள், வேலை செய்வதால் அல்ல. அவள் உழைப்பைவிட அவள் சுவர் அதிகம் உழைப்பதாக நாடு பதிந்து வைத்திருக்கிறது.

இது கவனக்குறைவால் வந்த பிழை என்று நினைத்துவிடக் கூடாது. மிகுந்த கவனத்தோடு போட்ட கோடு இது. அது எங்கே ஓடுகிறது என்று பார்க்க ஒரு காலைப் பொழுது போதும். நான் சொல்லப்போகும் பெண் கற்பனை. அவள் செய்யும் வேலைகளில் கற்பனை எதுவும் இல்லை.

முதலில் கிணற்றுக்குப் போய்த் தண்ணீர் அள்ளிக்கொண்டு வருகிறாள். இது கணக்கில் சேரும். தண்ணீர் ஒரு பொருள், அதை எடுத்து வருவது ஒரு பொருளைப் பெறும் வேலை. பிறகு முற்றம் கூட்டுகிறாள். சேராது. அது சேவை. முதல் நாள் ஊறப்போட்ட அரிசியை உரலில் இடித்து மாவாக்கினால், தானியத்தைப் பதப்படுத்துவது உற்பத்தி என்பதால் அது சேரும். அந்த மாவை வறுத்து, குழைத்து, நீற்றுப்பெட்டியில் இட்டு அவித்தால் சமையல் தொடங்கிவிட்டது, சேராது. கோடு மாவுக்கும் பிட்டுக்கும் நடுவில் ஓடுகிறது! வளவில் நட்ட கத்தரியைப் பிடுங்குவது, கோழி முட்டையை எடுத்து வைப்பது, விறகு பொறுக்குவது, வாவியில் இறால் பிடித்து வருவது, மத்தியானம் திண்ணையில் இருந்து பன்புல்லில் பாய் இழைப்பது, இவையெல்லாம் விற்றாலும் விற்காவிட்டாலும் விதிப்படி உற்பத்தி. கத்தரியைக் கறியாக்குவது, பிள்ளைக்குச் சோறு தீத்துவது, தாய்க்கு மருந்து கொடுப்பது, உடுப்புத் துவைப்பது எதுவும் உற்பத்தி அல்ல.

இன்னும் ஒரு நுணுக்கம் உண்டு. அவள் காலையில் முப்பது இடியப்பம் அவிக்கிறாள் என்று வையுங்கள். இருபதைச் சந்திக் கடைக்குக் கொடுக்கிறாள், பத்தைத் தன் பிள்ளைகளுக்கு வைக்கிறாள். அடுப்பும் உரலும் கையும் ஒன்றுதான். கடைக்குப் போன இருபதுக்குள் இருக்கும் அவள் உழைப்பு நாட்டின் உற்பத்தி. பிள்ளைகள் தின்ற பத்துக்குள் இருக்கும் உழைப்பு ஒன்றுமில்லை.

இந்தக் கோட்டுக்கு ஒரு வரலாறு உண்டு. 1920இல் ஆங்கிலேயப் பொருளியலாளர் பிகூ ஒரு புதிரைச் சொன்னார். ஒருவர் தன் வீட்டைப் பார்த்துக்கொள்ளச் சம்பளத்துக்கு வைத்திருந்த பெண்ணைக் கலியாணம் செய்துகொண்டால் நாட்டின் வருமானம் குறைந்துவிடுகிறது. வேலை அப்படியே இருக்கிறது, சம்பளம் மட்டும் நின்றுவிட்டது. பலரும் இதை நகைச்சுவையாக எடுத்துக்கொண்டார்கள். 1934இல் அமெரிக்காவின் தேசிய வருமானத்தைக் கணித்த சைமன் குஸ்நெட்ஸ், வீட்டுப் பெண்களின் சேவையை விட்டுவிட்டதாக வெளிப்படையாகவே எழுதினார். அதே 1934இல் மார்கரெட் ரீட் என்ற பொருளியலாளர் வீட்டு உற்பத்தி பற்றிய தன் நூலில் ஒரு எளிய சோதனையைக் கொடுத்தார்: ஒரு வேலையை நமக்குப் பதிலாக இன்னொருவரைக் கூலிக்கு வைத்துச் செய்விக்க முடியுமா? முடியும் என்றால் அது உற்பத்தி. சாப்பிடுவதற்கு ஆள் வைக்க முடியாது, சமைக்க வைக்கலாம். தூங்க ஆள் வைக்க முடியாது, குழந்தையைத் தூங்க வைக்க ஆள் வைக்கலாம். தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் கழிந்தும் இந்தச் சோதனையை விடச் சிறந்த ஒன்றை யாரும் கொண்டுவந்ததாக எனக்குத் தெரியவில்லை.

1940களில் ஃபிலிஸ் டீன் என்ற இளம் ஆய்வாளர், இன்று மலாவி, சாம்பியா என்று அழைக்கப்படும் அன்றைய பிரித்தானிய ஆபிரிக்க நாடுகளின் தேசிய வருமானத்தைக் கணக்கிட அமர்த்தப்பட்டார். இங்கிலாந்துக்கென்று ரிச்சர்ட் ஸ்டோனும் ஜேம்ஸ் மீடும் செய்த அச்சில் அந்த நாடுகளை வார்க்க வேண்டும் என்பது திட்டம். டீன் கிராமங்களுக்குப் போய்ப் பார்த்தார். விற்காத சோளத்தைக் கணக்கில் சேர்த்துவிட்டு, அந்தச் சோளத்தை உணவாக்கும் பெண்களின் வேலையையும் அவர்கள் சுமக்கும் விறகையும் விடுவதில் என்ன நியாயம் என்று வாதிட்டார். அவருடைய நூல் 1953இல் வந்தது. ஸ்டோனின் தலைமையில் ஐக்கிய நாடுகளின் முதல் தேசிய கணக்கு முறை வந்ததும் அதே 1953இல்தான். அதில் சமையல் இல்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் சில ஆண்டுகள் நோர்வே வீட்டு வேலையையும் சேர்த்தே தன் தேசிய கணக்கைப் போட்டது என்பது பலருக்குத் தெரியாது. உலக நியமத்தோடு ஒத்துப்போக வேண்டும் என்று 1950இல் அதைக் கைவிட்டது.

பிறகு 1988இல் மரிலின் வாரிங் வந்தார். நியூசிலாந்து நாடாளுமன்ற உறுப்பினராகவும் பொதுச் செலவுக் குழுவின் தலைவராகவும் இருந்தவர் அவர். பொருளாதாரம் என்று பேசிக்கொண்டிருந்த எண்கள் எங்கிருந்து வருகின்றன என்று தேடி ஐ.நா. விதிநூலுக்கே போய், அதைப் பக்கம் பக்கமாகக் கேள்வி கேட்டு ஒரு புத்தகம் எழுதினார். பெண்ணியப் பொருளியல் என்ற துறைக்கு அது பெரிய உந்துதல். 1993இல் விதிநூல் திருத்தப்பட்டபோது வீட்டுத் தேவைக்காகச் செய்யும் எல்லாப் பொருள் உற்பத்தியும் உள்ளே வந்தது. கிணற்றுத் தண்ணீர் உள்ளே வந்த கதை அதுதான். சேவைகள் வெளியிலேயே நின்றன, இரண்டைத் தவிர: சம்பளத்துக்கு வைத்த வீட்டுப் பணியாளரின் வேலை, சொந்த வீட்டின் கற்பித வாடகை.

வாடகையை ஏன் சேர்த்தார்கள்? காரணம் நல்ல காரணம்தான். வாடகைக்கு இருந்தவர் ஒரு நாள் அந்த வீட்டையே வாங்கிவிட்டால் வாடகைப் பணம் நின்றுவிடும். வீடும் இருப்பவரும் அனுபவிக்கும் நிழலும் மாறவில்லை, ஆனால் நாட்டின் உற்பத்தி குறைந்ததாகக் காட்டும். பெரும்பாலானவர்கள் வாடகைக்கு இருக்கும் நாடு, பெரும்பாலானவர்கள் சொந்த வீட்டில் இருக்கும் நாட்டைவிடப் பணக்கார நாடாகத் தெரியும். இந்தக் கோணலை நிமிர்த்தத்தான் கற்பித வாடகை. பிகூவின் புதிரை ஒருமுறை திரும்பப் பாருங்கள். சொல்லுக்குச் சொல் அதே கோணல். ஒன்றை நிமிர்த்தினார்கள், மற்றதைப் பார்த்துச் சிரித்தார்கள்.

வீட்டு வேலையை வெளியே நிறுத்த விதிநூல் காரணங்கள் சொல்கிறது. வீட்டுக்குள் செய்து வீட்டுக்குள்ளேயே முடியும் வேலை சந்தையைப் பெரிதாகத் தொடுவதில்லை என்பது ஒன்று. அதற்கு விலை வைப்பது கடினம் என்பது இன்னொன்று. சேர்த்துவிட்டால் எல்லோரும் வேலை செய்பவர்களாகிவிடுவார்கள், வேலையின்மை என்ற அளவே பொருளிழந்துவிடும் என்பது மூன்றாவது. மூன்றாவதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது, அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். இரண்டாவதைச் செட்டிபாளையம் போன்ற ஊரில் வைத்துச் சோதித்துப் பார்க்கலாம்.

கற்பித வாடகையைக் கணக்கிடும் நேரான வழி, அதே அளவு, அதே கூரை, அதே இடம் கொண்ட ஒரு வீடு சந்தையில் என்ன வாடகைக்குப் போகிறதோ அதைச் சொந்த வீட்டுக்கும் வைப்பது. கொழும்பில் இது முடியும். மகளுக்கு மகள் வீடு கைமாறும் ஊரில் வாடகைக்குப் போகும் வீடு எத்தனை? அப்படிச் சந்தை இல்லாத இடத்தில் என்ன செய்ய வேண்டும் என்பதற்கும் விதி இருக்கிறது. வீட்டின் தேய்மானம், பராமரிப்பு, அதில் முடங்கிய பணத்துக்கான வருமானம் எல்லாவற்றையும் கூட்டி ஒரு வாடகையைக் கட்டியெழுப்பலாம். இல்லாத வாடகைக்கு இவ்வளவு மெனக்கெடுகிறவர்கள், ஒரு சமையல்காரிக்கு மணித்தியாலக் கூலி என்ன என்று கேட்பது கடினம் என்கிறார்கள். எந்த ஊரிலும் சமையலுக்குக் கூலி என்று ஒன்று இருக்கிறது. சந்தையைப் பொறுத்தவரை சுவரைவிடக் கைதான் விலை தெரிந்த பொருள்.

முதல் காரணத்துக்கு, வீட்டு வேலை சந்தையைத் தொடுவதில்லை என்பதற்கு, கிழக்கு மாகாணத்திலேயே பதில் இருக்கிறது. போரும் வறுமையும் தள்ளியதில் இந்தப் பக்கத்துப் பெண்கள் பலர் சவூதிக்கும் குவைத்துக்கும் வீட்டுப் பணிக்குப் போயிருக்கிறார்கள். அப்படிப் போன ஒரு தாயை நினைத்துக்கொள்ளுங்கள். இங்கே தன் பிள்ளைக்குச் சோறு வைத்தபோது அவள் 'பொருளாதார ரீதியில் செயற்படாதவள்'. அங்கே யாரோ ஒருவருடைய பிள்ளைக்குச் சோறு வைக்கும்போது, சம்பளம் வாங்குவதால், குவைத்தின் உற்பத்தியில் அவள் பங்கு உண்டு. அவள் அனுப்பும் பணம் இலங்கையின் வெளிநாட்டுக் கணக்கை நிமிர்த்தி வைக்கிறது. வெளிநாடுகளில் வேலை செய்யும் இலங்கையர் எல்லோருமாக 2024இல் அனுப்பியது ஏறத்தாழ 657 கோடி அமெரிக்க டொலர். அவள் விட்டுப்போன பிள்ளையை வளர்ப்பவள் அவளுடைய தாய். அவள் போகவும் டொலர் வரவும் கிழவியின் மடி வேண்டும். அந்த மடிக்கு எந்தக் கணக்கிலும் இடம் இல்லை.

இதில் அரசுக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்ல முடியாது. 2013இல் வீட்டுப் பணிக்காக வெளிநாடு போகும் பெண்களுக்குக் 'குடும்பப் பின்னணி அறிக்கை' என்று ஒன்றைக் கட்டாயமாக்கினார்கள். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்தால் தாய் போக முடியாது. 2022இல் டொலருக்குத் தவித்தபோது அந்த வயதை இரண்டாக்கினார்கள். பிள்ளையை யார் பார்த்துக்கொள்வார் என்று காட்டினால்தான் பிரதேச செயலகத்திலிருந்து காகிதம் நகரும். தகப்பன் வெளிநாடு போக இப்படி ஒரு அறிக்கை கேட்கவில்லை. ஆக, பிள்ளை வளர்ப்பு ஒரு வேலை, அதை யாராவது செய்தே ஆக வேண்டும், செய்யும் ஆள் போனால் மாற்று ஆள் வேண்டும் என்பதெல்லாம் ஒரு அலுவலகத்துக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. உற்பத்தியைக் கணக்கிடும் அலுவலகத்துக்கு மட்டும் அது தெரியாது.

சரி, அளப்பது எப்படி? ரூபாய்க்கு முன்னால் நேரத்தைப் பிடிக்க வேண்டும். அதற்கான கருவி நேரப் பயன்பாட்டு ஆய்வு. இலங்கையில் நாடளாவிய முதலாவது ஆய்வைத் தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம் 2017இல் நடத்தியது. கருவி எளிமையானது. ஒரு நாளுக்கு 1440 நிமிடம். அதைச் சின்னத் துண்டுகளாகப் பிரித்த தாளில், ஒவ்வொரு துண்டிலும் என்ன செய்தீர்கள் என்று எழுத வேண்டும். கூட்டினால் 1440 வர வேண்டும், வராவிட்டால் எங்கோ ஒன்று விடுபட்டுவிட்டது.

விடுபடுவது எங்கே என்று அனுபவமுள்ளவர்களுக்குத் தெரியும். "வேலை ஏதும் செய்யிறீங்களா அக்கா?" என்று கேட்டால் வரும் பதில், "இல்ல புள்ள, வீட்டில சும்மாதான் இருக்கன்." இந்தச் 'சும்மா'வுக்குள்தான் எட்டு மணித்தியாலம் ஒளிந்திருக்கிறது. அதனால் நல்ல ஆய்வாளர் 'வேலை' என்ற சொல்லையே எடுக்க மாட்டார். எழும்பியதும் என்ன செய்தீர்கள், பிறகு என்ன, அதற்குப் பிறகு என்ன என்று கேட்டுக்கொண்டே போவார். அதைவிடச் சிக்கலானது ஒரே நேரத்தில் நடக்கும் இரண்டு வேலை. அடுப்பில் கறி கொதிக்கிறது, இடுப்பில் குழந்தை, காது உள்ளறையில் இருமும் தாயின் மேல். தாளில் 'சமையல்' என்று மட்டும் விழும். குழந்தையும் கிழவியும் மறைந்துவிடுவார்கள். கைக்குழந்தை உள்ள பெண்ணின் நாளில் குழந்தைப் பராமரிப்பு முக்கால் மணித்தியாலம் என்று வந்தால், ஆய்வில் 'கூடவே வேறென்ன செய்தீர்கள்' என்ற நிரலைக் கேட்காமல் விட்டிருக்கிறார்கள் என்று பிடித்துவிடலாம். அருகிலேயே இருக்க வேண்டும், எங்கும் போக முடியாது என்ற அந்தக் கட்டிவைப்பு எந்த நிரலிலும் முழுதாக விழுவதில்லை.

கிடைத்த எண்ணை வாசிப்பதிலும் ஒரு பொறி இருக்கிறது. இந்தியாவின் 2019 ஆய்வை எடுத்துக்கொள்வோம். சம்பளமில்லாத வீட்டு வேலைக்குப் பெண்கள் நாளொன்றுக்கு 299 நிமிடம், ஆண்கள் 97 நிமிடம் செலவழிப்பதாகச் செய்திகள் வந்தன. மூன்றுக்கு ஒன்று, மோசமில்லை என்று தோன்றும். ஆனால் அது அந்த நாளில் வீட்டு வேலை செய்தவர்களின் சராசரி. ஆண்களில் நூற்றுக்கு 26 பேர் மட்டுமே எதையாவது செய்திருந்தார்கள், பெண்களில் 81 பேர். ஒன்றும் செய்யாதவர்களையும் சேர்த்து எல்லோருக்குமாகப் பங்கிட்டால் பெண்ணுக்கு 243 நிமிடம், ஆணுக்கு 25 நிமிடம். மூன்றுக்கு ஒன்று என்பது பத்துக்கு ஒன்றாகிவிடுகிறது. ஒரே ஆய்வு, இரண்டு எண்ணும் உண்மை.

இனி ரூபாய். நம் கற்பனைப் பெண்ணின் தாளில் சமையலும் பாத்திரமும் மூன்றரை மணித்தியாலம், கூட்டல் துவையல் ஒன்றரை, பிள்ளைகள் ஒன்று, தாயைப் பராமரிப்பது ஒன்று, ஆக ஏழு மணித்தியாலம் என்று வைப்போம். தண்ணீர், மா, பாய் எல்லாம் ஏற்கெனவே கோட்டுக்கு உள்ளே என்பதால் அவற்றைச் சேர்க்கவில்லை. 2025 ஏப்ரலில் இலங்கையின் தேசிய குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 27,000 ரூபாயாகவும் நாளுக்கு 1,080 ரூபாயாகவும் ஆனது. எட்டு மணித்தியாலத்தால் பிரித்தால் மணிக்கு 135. ஏழு மணித்தியாலத்துக்கு 945 ரூபாய். வீட்டு வேலைக்கு ஞாயிறு இல்லை, போயா இல்லை, பொங்கலன்று இன்னும் கூட. ஆகவே 365ஆல் பெருக்கினால் ஆண்டுக்கு 3,44,925 ரூபாய். அப்போது சட்டம் அனுமதித்த மிகக் குறைந்த கூலியில், ஒரு பெண்ணுக்கு.

ஏன் குறைந்த கூலி என்று கேட்கலாம். கிழவியைப் புரட்டிப் படுக்கவைத்துப் படுக்கைப்புண் வராமல் பார்ப்பது ஒரு தாதியின் வேலை. பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பது ரியூஷன் ஆசிரியரின் வேலை. ஒவ்வொரு வேலைக்கும் அதற்குரியவரின் கூலியை வைத்தால் தொகை ஏறும். இரண்டு முறையும் உலகில் பயன்பாட்டில் இருக்கின்றன. மூன்றாவது ஒரு முறை எனக்குப் பிடிப்பதில்லை. அந்த நேரத்தில் அவள் வெளியே வேலைக்குப் போயிருந்தால் எவ்வளவு சம்பாதித்திருப்பாளோ அதையே விலையாக வைப்பது. அப்படிப் பார்த்தால் வங்கி மேலாளர் அவித்த பிட்டு, பள்ளிக்கூடம் முடிக்காத பெண் அவித்த பிட்டைவிடப் பல மடங்கு மதிப்பு. பிட்டுக்கு அது தெரியாது.

இந்தத் தொகையை அப்படியே எடுத்து மொத்த உற்பத்தியோடு கூட்டிவிடவும் முடியாது. அரிசியும் தேங்காயும் காஸும் வீட்டு நுகர்வாக ஏற்கெனவே கணக்கில் இருக்கின்றன. சமையலை உற்பத்தி என்று ஏற்றுக்கொண்டால் அரிசி நுகர்பொருள் அல்ல, மூலப்பொருள். அடுப்பு வீட்டுச் சாமான் அல்ல, இயந்திரம். எல்லாவற்றையும் இடம் மாற்றி எழுத வேண்டும். அதனால்தான் பல நாடுகள் முதன்மைக் கணக்கைத் தொடாமல் பக்கத்தில் ஒரு துணைக் கணக்கு வைக்கின்றன. கொலம்பியா 2010இல் இதைச் சட்டமாகவே ஆக்கியது. மெக்ஸிகோ ஆண்டுதோறும் வெளியிடுகிறது. அங்கே சம்பளமில்லாத வீட்டு வேலையின் மதிப்பு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. 2025 மார்ச்சில் ஐ.நா. புள்ளியியல் ஆணையம் ஏற்றுக்கொண்ட புதிய விதிநூலும், வீட்டுச் சேவைக்கு இப்படி ஒரு விரிவாக்கக் கணக்கை வைக்கச் சொல்கிறது. கோடு நகரவில்லை, கோட்டுக்கு வெளியே ஒரு விளக்கு வைத்திருக்கிறார்கள்.

கோட்டை அழித்துவிட்டுச் சமையலையும் உள்ளே கொண்டுவர வேண்டும் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நான் அந்தக் கட்சியில் இல்லை. விதிநூலின் மூன்றாவது காரணத்தை நான் முழுதாகத் தள்ளாததும் இதனால்தான். வேலை தேடி அலைகிற பெண்ணையும் 'நீ ஏற்கெனவே உற்பத்தியில்தான் இருக்கிறாய்' என்று கணக்கு சொல்லிவிட்டால், அவளுக்கு வேலை தர வேண்டிய கடமை யாருக்கும் இல்லாமல் போய்விடும். இலங்கையில் 15 வயதுக்கு மேற்பட்ட பெண்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரே தொழிற்படையில் இருக்கிறார்கள். அந்த எண் கண்ணுக்குத் தெரிய வேண்டும், மூடப்படக் கூடாது.

அதைவிட ஆழமான சிக்கல் ஒன்று இருக்கிறது. அதை 2022இல் எல்லோரும் நேரிலேயே கண்டோம், கணக்காகப் பார்த்தவர்கள் குறைவு. அந்த ஆண்டு இலங்கையின் மொத்த உள்நாட்டு உற்பத்தி 7 வீதத்துக்கு மேல் சுருங்கியது. காஸ் சிலிண்டர் இல்லை. வெற்றுச் சிலிண்டர்களைச் சங்கிலியால் கட்டி வரிசையில் வைத்துவிட்டுக் காத்திருந்தோம். மண்ணெண்ணெய்க்கும் வரிசை. அலுத்துப்போய் வீடுகள் விறகுக்குத் திரும்பின. விறகு பொறுக்கி, வெட்டி, காயவைத்து, ஊதி, கரிபிடித்த பானையைத் தேய்த்து முடிக்க, காஸில் ஒரு மணித்தியாலத்தில் முடிந்த சமையலுக்கு இரண்டு, இரண்டரை ஆனது.

அந்த ஆண்டுக்கு நாம் ஒரு துணைக் கணக்கு போட்டிருந்தால் என்ன காட்டியிருக்கும்? மணித்தியாலத்தைக் கூலியால் பெருக்குவதுதான் முறை. மணித்தியாலம் ஏறியது, ஆகவே செட்டிபாளையத்து அடுப்படிகளின் 'உற்பத்தி' உயர்ந்ததாகக் காட்டியிருக்கும். நாடு சுருங்க, சமையலறை வளர்ந்திருக்கும். ஆனால் தட்டில் வந்தது அதே பிட்டு, பல நாள் அதைவிடக் குறைவு. உழைப்பை நேரத்தால் அளக்கிறபோது இடுப்பு நோவும் வளர்ச்சியாகிவிடுகிறது. மறுபக்கத்தில், அந்த வீட்டுக்கு ஒரு தண்ணீர்க் குழாயும் நம்பகமான காஸும் வந்தால் அவள் 'உற்பத்தி' விழுந்ததாகக் கணக்கு சொல்லும். எத்தனை பேருக்கு எத்தனை வேளை உணவு என்று தட்டை எண்ணி விலை வைக்கும் முறை இந்தப் பொறிக்குத் தப்பிவிடும். ஆனால் பராமரிப்பில் அதுவும் உதவாது. கிழவிக்கு எத்தனை தடவை முதுகு துடைத்தோம் என்பதை எந்த அலகில் எண்ணுவது?

அதனால் ரூபாயைவிட மணித்தியாலத்தையே நான் நம்புகிறேன். ஒவ்வொரு காலாண்டும் உற்பத்தி எண் வெளியாகும் தாளில், அதற்குப் பக்கத்தில், பெண்ணுக்கு இத்தனை நிமிடம் ஆணுக்கு இத்தனை நிமிடம் என்று ஒரு வரி. அப்படி ஒரு வரி 2022இல் இருந்திருந்தால், காஸ் இல்லாத மாதங்களில் அது எப்படி ஏறியது என்பதை நிதியமைச்சின் மேசையில் இருந்தவர்களும் பார்த்திருப்பார்கள். 2017இல் ஒருமுறை எடுத்த ஆய்வால் அது முடியாது.

அந்த மாதங்களில் இந்தக் கரையோரத்து வீடுகளின் பின்வளவில் களிமண்ணைக் குழைத்துப் புதிதாக விறகு அடுப்புப் போட்டார்கள். அடுப்புச் செய்வது பொருள் உற்பத்தி, விதிப்படி அது கணக்கில் சேரும். மண் காய்ந்ததும் அதில் முதல் உலை வைத்தார்கள். அந்த இடத்தில் கணக்கு மறுபடியும் நின்றுவிட்டது. முன்வாசலில் சுவர் மட்டும் வழக்கம்போலத் தன் வாடகையை உழைத்துக்கொண்டிருந்தது.